நிலுவையை ஒரே எண்ணாக அனுப்ப வேண்டாம்: தகராறுள்ள இன்வாய்ஸ்களும் கணக்கு அறிக்கையும்

கேள்வி: எங்கள் அப்பா சிங்கப்பூர் தேக்காவில் மளிகை, மசாலா மொத்த வியாபாரம் செய்கிறார். கணக்கு வழக்கை நான் பார்க்கிறேன். காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு கேட்டரிங் நிறுவனம் எங்களிடம் 30 நாள் கடனில் சாமான் வாங்குகிறது. மே 31 நிலவரப்படி அவர்கள் 15,620 வெள்ளி தர வேண்டும் என்று எங்கள் பேரேடு காட்டுகிறது. அவர்களோ 11,013 வெள்ளி 50 காசுதான் என்கிறார்கள். மூன்று இன்வாய்ஸ்களில் தகராறு இருக்கிறது என்று சொல்லி எதையுமே கட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்பா தொலைபேசியில் கேட்டால், அவர்கள் முதலாளி "அடுத்த வாரம் பார்க்கலாம் அண்ணே" என்று முடித்துவிடுகிறார். இரு தரப்புப் பேரேடுகள், டெலிவரி ஆர்டர்கள், வங்கி அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். இந்த முறை ஸ்டேட்மென்ட்டை எப்படி அனுப்பினால் பணம் வரும் தேதியை உறுதி செய்துகொள்ள முடியும்?
— வாசகி, சிராங்கூன் ரோடு

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு பேரேடுகளையும் அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே தொகையில் இருக்கும் வரிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். இறுதியில் அடிபடாமல் நின்றவை நான்கே வரிகள். அவற்றின் கூட்டுத்தொகை 4,606 வெள்ளி 50 காசு, அதாவது உங்கள் எண்ணுக்கும் அவர்கள் எண்ணுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் காசு சுத்தமாக அவ்வளவுதான். இந்த நான்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. ஒன்று உங்கள் பதிவுப் பிழை, ஒன்று நீங்கள் முடிக்காமல் விட்ட வேலை, ஒன்று அவர்கள் கைக்குப் போய்ச் சேராத தாள். எஞ்சிய ஒன்றுதான் உண்மையான தகராறு. அதன் மதிப்பு 436 வெள்ளி.

முதலில் உங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. ஏப்ரல் 22ஆம் தேதி அவர்கள் அனுப்பிய 1,500 வெள்ளி உங்கள் வங்கி அறிக்கையில் இருக்கிறது, அவர்கள் பேரேட்டிலும் இருக்கிறது. உங்கள் பேரேட்டில் மட்டும் இல்லை. பெயரின் முதல் சொல் ஒன்றாக இருக்கும் வேறொரு வாடிக்கையாளரின் கணக்கில் அது வரவு வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். அவர்கள் சொல்லும் மூன்று தகராறுகளில் இது சேரவே இல்லை, காரணம் அவர்கள் கணக்கில் அது எப்போதோ கழிந்துவிட்டது. இதை நீங்களே கண்டுபிடித்து, நீங்களே திருத்தி, திருத்தியதை அறிக்கையின் மேல் வரியிலேயே சொல்லுங்கள். மற்ற மூன்றைப் பற்றி நீங்கள் சொல்வதை அவர்கள் கணக்குப் பிரிவு நம்புவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது இன்வாய்ஸ் 2231. மார்ச் 5ஆம் தேதி போன சரக்கில் 45 வெள்ளி விலையுள்ள பத்து மூட்டை பாஸ்மதி அரிசி குறைந்திருந்தது. டெலிவரி ஆர்டரின் ஓரத்தில் உங்கள் ஓட்டுநரே "10 குறைவு" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அவர்கள் 450 வெள்ளியையும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியான 40 வெள்ளி 50 காசையும் கழித்துப் பதிந்திருக்கிறார்கள். இன்வாய்ஸ் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் தருவதாகச் சொல்லிவிட்டு நீங்கள் இன்றுவரை தரவில்லை. இதில் பேச எதுவும் இல்லை. கணக்கு அறிக்கை போவதற்கு முன்பே 490 வெள்ளி 50 காசுக்குக் கிரெடிட் நோட் போய்ச் சேர வேண்டும். அதில் மூல இன்வாய்ஸின் எண்ணும் தேதியும், குறைத்ததற்கான காரணமும், வரித் தொகை தனியாகவும் இருக்க வேண்டும். சிலர் பழைய இன்வாய்ஸையே கணினியில் திருத்தி, அதே எண்ணில் மறுபடி அச்சிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள். முன்பு அனுப்பிய இன்வாய்ஸின்படி நீங்கள் ஏற்கெனவே உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் வரிக் கணக்குச் சமர்ப்பித்திருப்பீர்கள், அவர்களும் உங்களுக்குக் கட்டும் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கோரியிருக்கக்கூடும். ஒரே எண்ணில் இரண்டு தொகைகள் இருந்தால் பின்னாளில் இரண்டு தரப்புமே பதில் சொல்ல வேண்டி வரும்.

மூன்றாவதான இன்வாய்ஸ் 2244ஐ அவர்கள் "தகராறு" என்று அழைத்தாலும் அது தகராறு அல்ல. ஒருவரின் பேரேட்டைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு: ஓர் இன்வாய்ஸ் வேறு தொகையில் பதிவாகியிருந்தால், அந்தத் தாள் அவர்களிடம் வந்திருக்கிறது, வந்த பிறகு அதை மறுத்திருக்கிறார்கள் என்று பொருள். அது பேரேட்டில் அறவே இல்லை என்றால் பெரும்பாலும் அந்தத் தாளே கணக்குப் பிரிவுக்கு வரவில்லை. 2,180 வெள்ளிக்கான இந்த இன்வாய்ஸ் அவர்கள் பேரேட்டில் எங்குமே இல்லை. ஆனால் மார்ச் 21ஆம் தேதி மாலை சரக்கை இறக்கிக்கொண்டதற்கான டெலிவரி ஆர்டரில் அவர்கள் சமையற்கூட ஊழியரின் கையெழுத்தும் நிறுவன முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. நீங்கள் அதை எந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று பாருங்கள். வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரியாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். இன்வாய்ஸின் நகலையும் கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டரையும் ஒரே கோப்பாகச் சேர்த்து அனுப்புங்கள். கணக்கு அறிக்கையில் அந்த எண்ணை எத்தனை மாதம் காட்டினாலும் அவர்களால் அதை வைத்துப் பதிவு செய்ய முடியாது, ஏனெனில் கணக்கு அறிக்கை என்பது வரி இன்வாய்ஸ் அல்ல. உள்ளீட்டு வரியைக் கோர அவர்களுக்கு இன்வாய்ஸ்தான் வேண்டும்.

இதை நானும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பணம் கட்டாத ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று மாதம் தொடர்ந்து ஒரே அறிக்கையை அனுப்பினேன். ஒவ்வொரு மாதமும் "தவணை கடந்தது" என்ற சிவப்பு முத்திரையின் அளவு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அங்கிருந்த கணக்காளர் அம்மா கூப்பிட்டு, "தம்பி, முத்திரை மூன்று வந்துவிட்டது, டெலிவரி ஆர்டர் ஒன்றுகூட வரவில்லையே" என்றார். நகல் போன பத்தாவது நாள் பணம் வந்தது.

நான்காவது இன்வாய்ஸ் 2260. நூறு டின் எண்ணெய்க்கு நீங்கள் டின் ஒன்றுக்கு 50 வெள்ளி போட்டிருக்கிறீர்கள். அவர்கள் 46 வெள்ளி என்று பதிந்திருக்கிறார்கள். 400 வெள்ளி வித்தியாசம், வரியோடு 436. "ஏப்ரல் 15 முதல் புதிய விலை" என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. அவர்கள் ஏப்ரல் 10ஆம் தேதியே பழைய விலையைக் குறிப்பிட்டுக் கொள்முதல் ஆணை அனுப்பிவிட்டார்கள். சரக்கு போனது ஏப்ரல் 16இல். புதிய விலை ஆணை தேதிக்கா, சரக்கு இறங்கும் தேதிக்கா என்பதை உங்கள் அறிவிப்பு சொல்லவில்லை. கொள்முதல் ஆணையைப் பெற்ற நீங்கள் அப்போதே மறுத்து ஒரு வரி எழுதாமல் சரக்கை அனுப்பியிருப்பதால், அவர்கள் பக்கம் சற்றுக் கூடுதல் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் அதை இந்த அறிக்கையில் தீர்க்க முயல வேண்டாம். தகராறு என்று பெயரிட்டு, தொகையைச் சொல்லி, தனியாக ஒதுக்கி வையுங்கள். 5,450 வெள்ளி இன்வாய்ஸ் முழுவதும் தகராறு என்று அவர்கள் சொல்வதை மட்டும் ஏற்காதீர்கள். தகராறு 436 வெள்ளியில்தான், மிச்சமுள்ள 5,014 வெள்ளியைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்துதான்.

இப்போது எண்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். உங்கள் 15,620இலிருந்து தவறாகப் பதிவான 1,500ஐயும் கிரெடிட் நோட்டுக்கான 490.50ஐயும் கழித்தால் 13,629 வெள்ளி 50 காசு. அதில் 436ஐத் தனியே வைத்தால், மறுப்பில்லாத நிலுவை 13,193 வெள்ளி 50 காசு. அவர்கள் பக்கமிருந்து வந்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்: அவர்களின் 11,013.50 உடன் பதிவாகாத 2,180ஐக் கூட்டுங்கள், அதே 13,193.50. இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண் கிடைக்கும்வரை அறிக்கையை அனுப்பாதீர்கள். ஒரு வெள்ளி உதைத்தாலும் எங்கோ இன்னொரு வரி ஒளிந்திருக்கிறது என்று பொருள். சில சமயம் எதிரெதிரான இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு அந்த ஒரு வெள்ளியாகத் தெரியும்.

ஏப்ரல் தொடக்கத்தில் அவர்கள் எந்த இன்வாய்ஸுக்கு என்று சொல்லாமல் மொத்தமாக அனுப்பிய 4,000 வெள்ளியைப் பற்றியும் ஒரு சொல். எதற்கான பணம் என்பதைக் கட்டுகிறவர் கட்டும்போதே சொல்லலாம். அவர் சொல்லாவிட்டால் பெறுகிறவர் தீர்மானிக்கலாம் என்பதே பொதுச் சட்டத்தின் நெறி. ஆகவே அதையும், இதேபோலக் குறிப்பில்லாமல் வந்திருக்கும் 1,500ஐயும் மிகப் பழைய இன்வாய்ஸிலிருந்து வரவு வைக்க உங்களுக்கு இடமிருக்கிறது. அப்படிச் செய்தால் பிப்ரவரியின் 2207 முழுதும் தீர்ந்து, 2231இல் கிரெடிட் நோட் போக 2,184 வெள்ளி 50 காசு நிற்கும். மொத்த நிலுவை இதனால் மாறாது, எந்த மாதத்துக் கடன் நிற்கிறது என்பது மட்டுமே மாறும். ஆனாலும் எப்படி வரவு வைத்தீர்கள் என்பதை அறிக்கையில் காட்டிவிடுங்கள்.

அறிக்கையின் வடிவம் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கணக்கு மென்பொருள் தரும் வழக்கமான தாளே போதும், அதில் இரண்டு மாற்றங்களைச் செய்தால். முதலாவது, "மே 31 நிலவரப்படி" என்ற தேதி மேலே பெரிதாக இருக்கட்டும், அவர்களிடமும் அதே தேதிவரையிலான பேரேட்டைக் கேளுங்கள். ஜூன் முதல் வாரத்தில் வந்த பணமோ போன சரக்கோ உள்ளே நுழைந்துவிட்டால் பழைய குழப்பம் மறுபடி தொடங்கும். இரண்டாவது, ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எதிரே "மறுப்பில்லை", "தகராறு" என இரண்டு பத்திகள் இருக்கட்டும், கீழே இரண்டுக்கும் தனித்தனிக் கூட்டுத்தொகை வரட்டும். ஒரே கூட்டுத்தொகை இருக்கும்வரை அந்த மொத்தத் தாளையும் "தகராறு" என்று ஓரமாக வைத்துவிட அவர்களுக்கு வசதியாக இருக்கிறது. அந்த வசதியை எடுத்துவிடுவதுதான் இந்த வேலையின் மையம்.

கூட அனுப்பும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"மே 31ஆம் தேதி நிலவரப்படி தங்கள் நிறுவனத்தின் கணக்கு அறிக்கையை இணைத்துள்ளோம். ஏப்ரல் 22ஆம் தேதி தாங்கள் செலுத்திய 1,500.00 வெள்ளி எங்கள் பதிவில் விடுபட்டிருந்தது. அதைத் திருத்தியுள்ளோம், வருந்துகிறோம். இன்வாய்ஸ் 2231இல் குறைந்த சரக்குக்கான 490.50 வெள்ளிக் கிரெடிட் நோட்டும், இன்வாய்ஸ் 2244இன் நகலும், கையெழுத்திட்ட அதன் டெலிவரி ஆர்டரும் இத்துடன் உள்ளன. இவற்றுக்குப் பின் தங்கள் கணக்கில் நிற்கும் 13,629.50 வெள்ளியில், இன்வாய்ஸ் 2260இன் விலை குறித்த 436.00 வெள்ளி மட்டும் பேச்சில் உள்ளது. எஞ்சிய 13,193.50 வெள்ளி சரியென ஒப்புக்கொண்டால், கீழே கையெழுத்திட்டு, செலுத்தும் தேதியையும் குறிப்பிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒப்புதல் இல்லையெனில், எந்த இன்வாய்ஸில், எவ்வளவு தொகை, என்ன காரணம் என்று ஜூன் 12ஆம் தேதிக்குள் எழுத வேண்டுகிறோம்."

"ஏழு நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் இந்த அறிக்கை சரியென ஏற்கப்பட்டதாகக் கருதப்படும்" என்ற வாசகம் பல நிறுவனங்களின் அறிக்கையின் அடியில் இருக்கும். உங்கள் பழைய அறிக்கையிலும் இருக்கிறது. அதன் பலத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படியொரு விதியை வாடிக்கையாளர் முன்பே ஒப்பந்தத்தில் ஏற்றிருந்தால் நிலைமை வேறு. மற்றபடி ஒருவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எளிதில் நிலைநாட்டிவிட முடியாது. தொகையை எழுத்தில் ஒப்புக்கொண்டு, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் இட்ட கையெழுத்துக்குத்தான் மதிப்பு. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடர இங்கே ஆறு ஆண்டு கால வரம்பு உண்டு. எழுத்தில், கையெழுத்தோடு வரும் ஒப்புதல் அந்தக் காலத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவைக்கும். உங்கள் நிலுவை சில மாதப் பழையதுதான் என்பதால் இப்போது அந்தக் கவலை இல்லை. ஆனால் "சரக்கே வரவில்லை" என்று பிறகொரு நாள் பேச்சு மாறாமல் இருக்க அதே கையெழுத்துதான் துணை. இந்தக் காரணத்தாலேயே, பின்னால் சான்றாகக் காட்டப்படாமல் இருக்கச் சமரசப் பேச்சுக்கான கடிதங்களில் போடும் "உரிமைக்குப் பாதகமின்றி" என்ற தலைப்பை இந்தக் கடிதத்தில் போடாதீர்கள். பின்னால் நீங்களே எடுத்துக் காட்ட விரும்பும் கடிதம் இது. 436 வெள்ளியைப் பற்றி விட்டுக்கொடுத்து எழுதும் கடிதம் வேறாக இருக்கட்டும்.

பணம் வரும் தேதிக்கு வருவோம். "மாதக் கடைசிக்குள்" என்பது தேதி அல்ல. அவர்கள் கணக்குப் பிரிவு மாதத்தில் எந்தெந்த நாளில் பணம் அனுப்புகிறது, அதற்கு எத்தனை நாள் முன்பு தாள்கள் ஒப்புதலுக்குப் போக வேண்டும் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். மாதம் இருமுறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்; நீங்கள் 18ஆம் தேதியைக் கேட்டு வாங்கினாலும் பணம் 20இல்தான் வரும், இரண்டு நாள் வீணாகச் சண்டைதான் மிச்சம். முழுத்தொகையும் ஒரே தடவையில் வராது என்று தெரிந்தால், தவணையை வட்டமான எண்களாகப் பிரிக்காமல் இன்வாய்ஸ் வாரியாகப் பிரியுங்கள். மார்ச் மாத இன்வாய்ஸ்கள் இரண்டும் சேர்த்து 4,364 வெள்ளி 50 காசு ஜூன் 20இல்; ஏப்ரல் மாத 2260இன் 5,014 வெள்ளியும், தகராறே இல்லாத 2275இன் 3,815 வெள்ளியும் சேர்த்து 8,829 வெள்ளி ஜூலை 5இல். இப்படிச் செய்தால் ஒவ்வொரு தவணை வந்ததும் சில இன்வாய்ஸ்கள் முழுதாக மறைந்துபோகும். 5,000, 5,000 என்று வாங்கினால் எல்லா இன்வாய்ஸிலும் வால் நின்றுகொண்டே இருக்கும். தேதி என்பது பணம் உங்கள் வங்கிக் கணக்கில் சேரும் தேதி என்பதையும், பேநவ் வழியாக அனுப்பினால் இன்வாய்ஸ் எண்களைக் குறிப்பில் எழுத வேண்டும் என்பதையும் அதே தாளில் போட்டுவிடுங்கள்.

இதில் அப்பாவின் பங்கு என்ன என்பதைப் பிரித்துக்கொள்வது நல்லது. நிலுவையைப் பற்றி அவர் முதலாளியிடம் பேசும்வரை "பார்க்கலாம் அண்ணே" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் 2244 தங்கள் பேரேட்டில் இல்லை என்பது அந்த முதலாளிக்கே தெரிந்திருக்காது. அறிக்கையும் தாள்களும் உங்களிடமிருந்து அவர்கள் கணக்காளருக்குப் போகட்டும், எண்களை நீங்கள் இருவருமே ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விலையை மட்டும் அப்பா முதலாளியிடம் பேசட்டும். அது கணக்காளர்கள் தீர்க்கக்கூடியதல்ல, வியாபாரிகள் தீர்க்க வேண்டியது.

ஜூன் 20 அன்று மாலைக்குள் பணம் வராவிட்டால் மறுநாள் காலையிலேயே, கையெழுத்திட்ட அதே தாளின் நகலோடு இரண்டு வரிக் கடிதம் அனுப்புங்கள்; புதிய அறிக்கை எதுவும் வேண்டாம், புதிய அறிக்கை புதிய கேள்விகளைக் கொண்டுவரும். ஜூலை 5உம் தவறினால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளிவரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, விவகாரம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. அங்கே நீங்கள் கையில் எடுத்துப் போக வேண்டியவையும் இப்போது நீங்கள் திரட்டும் இதே தாள்கள்தான். உங்கள் வாடிக்கையாளர் அவ்வளவு தூரம் போகக்கூடியவராக எனக்குத் தோன்றவில்லை. அவர் இதுவரை ஒரு காசைக்கூட முழுதாக மறுக்கவில்லை, தாமதிக்க மட்டுமே செய்திருக்கிறார்.

கடைசியாக அந்த 436 வெள்ளி. அப்பா விட்டுக்கொடுக்கத் தயார் என்றால், அதை இரண்டாம் தவணை வந்து சேர்ந்த பிறகு தருவதாக இப்போதே சொல்லட்டும். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் தேதியைக் காப்பாற்ற அவர்களுக்கு ஒரு காரணம் குறைந்துவிடும். விட்டுக்கொடுக்கும்போது இதற்கும் கிரெடிட் நோட் போட வேண்டும், 400 வெள்ளி விலைக் குறைப்பு, 36 வெள்ளி வரி என்று பிரித்து. வெறுமனே "தள்ளுபடி" என்று பேரேட்டில் எழுதி முடித்தால், வாங்காத பணத்துக்கான அந்த 36 வெள்ளி வரியை உங்கள் அப்பாதான் சுமந்துகொண்டிருப்பார்.